இருமப் பயப்படும் நோயாளி: அறுவைக்குப் பின் ஒரு கேர் பிளான் எழுதிப் பார்ப்போம்

நர்சிங் மாணவர்கள் முதன்முதலில் எழுதிக் கொண்டுவரும் கேர் பிளான்களில் பாதியை நோயாளியின் பெயரை மாற்றிவிட்டு அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் ஒட்டிவிடலாம். 'அறுவை சிகிச்சையால் வலி. நோயாளி நலமாக உணர்வார். மருத்துவர் சொன்னபடி வலி மருந்து கொடுக்கவும். வலி குறைந்தது.' இதில் எந்த வரியும் பொய்யில்லை, ஆனால் அடுத்த ஷிஃப்டில் வரும் நர்ஸ் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, காலை 8 மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு திட்டத்தை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். நடுவில் ஒரு இடத்தில் நம் திட்டம் சறுக்கும், அதையும் மறைக்காமல் பார்ப்போம்.

நோயாளி கற்பனைதான், ஆனால் இவரைப் போன்றவர் எல்லா சர்ஜிகல் வார்டிலும் இருப்பார். வயது 58, எடை 68 கிலோ, இருபது வருடம் புகை பிடித்து இரண்டு வருடம் முன்பு விட்டவர். பித்தப்பையில் கல். நேற்று காலை பொது மயக்கம் கொடுத்து, வலது விலா எலும்புக்குக் கீழே சாய்வாகத் திறந்து பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள். 11 மணிக்கு அறுவை முடிந்தது. ஆக, இப்போது 21 மணி நேரம் ஆகிறது.

முதல் படி தகவல் சேகரிப்பு. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே விட்டதைப் பின்னால் எந்தப் படியிலும் பிடிக்க முடியாது.

மாணவி கட்டிலருகே போய், "வலி எப்படி இருக்கு ஐயா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேட்கிறார். "படுத்திருந்தா பெரிசா இல்லம்மா, மூணு இருக்கும்" என்கிறார் அவர். மாணவி 3 என்று எழுதிவிட்டுத் திரும்பப் பார்க்கிறார். இங்கே நிறுத்துங்கள். வயிற்றைத் திறந்து தைத்த நோயாளியிடம் அசையாமல் படுத்திருக்கும்போது உள்ள வலியை மட்டும் கேட்டால் பாதித் தகவல்தான் கிடைக்கும். "சரி, ஒருதரம் இருமிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அவர் இருமவில்லை. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு தொண்டையை மட்டும் செருமுகிறார். "இருமினா ஏழு, எட்டுக்குப் போகுது. அதோட தையல் பிரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு."

இந்த ஒரு வரிதான் இந்தத் திட்டத்தின் உயிர். அதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி சொல்வது ஒரு வகைத் தகவல், நாம் அளந்து பார்ப்பது இன்னொரு வகை. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்காக இல்லை. இரண்டும் ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று பார்க்க அதுதான் வழி.

அளந்து பார்த்தவை இவை: மூச்சு நிமிடத்துக்கு 22, ஆழமில்லாமல். விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் செறிவு 94 சதவீதம். அறுவைக்கு முன் எடுத்த குறிப்பில் 98 இருந்திருக்கிறது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் காற்று போகும் சத்தம் குறைவு, வலது பக்கம் இன்னும் குறைவு. பல்ஸ் 88, பிபி 128/80, உடல் வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ். கட்டு உலர்ந்திருக்கிறது. அறுவை நடந்த இடத்தில் கசிவதை வெளியே எடுக்க வைத்த குழாயில், அதாவது டிரெயினில், இதுவரை 60 மி.லி., இளஞ்சிவப்பு நிறத்தில். நேற்று மாலை 6 முதல் இன்று காலை 6 வரை சிறுநீர் 420 மி.லி. காலை 6 மணிக்குச் சிறுநீர்க் குழாயையும் எடுத்துவிட்டார்கள், நரம்பில் ஏறிய திரவத்தையும் நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அவர் குடித்தது 150 மி.லி. தண்ணீர்.

இன்னும் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும், மாணவர்கள் பெரும்பாலும் மறப்பது அது: மருந்துப் பட்டியல். பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணிக்கொருமுறை, அது தவறாமல் போயிருக்கிறது. டிரமடால் 50 மி.கி. ஆறு மணிக்கொருமுறை, 'தேவைப்பட்டால்'. கடைசியாகக் கொடுத்தது நேற்று மாலை 6 மணிக்கு. அதாவது 14 மணி நேரமாக அது போகவில்லை. ஏன்? அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அசையாமல் படுத்திருந்தால் வலி 3தான். கேட்க வேண்டிய தேவையே வராதபடி அவர் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். பட்டியலில் 'தேவைப்பட்டால்' என்ற வார்த்தையைப் பார்த்தால், தேவை இருக்கிறதா என்று போய்க் கேட்பது யார் வேலை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது படி, நர்சிங் டயக்னோசிஸ். பித்தப்பைக் கல் என்பது மருத்துவரின் டயக்னோசிஸ், அதற்கான வைத்தியம் நேற்றே முடிந்துவிட்டது. நம்முடையது, நடந்ததற்கு அந்த மனிதரின் உடலும் மனமும் எப்படி எதிர்வினை செய்கின்றன என்பதைப் பற்றியது. எழுதும் முறைக்கு மூன்று துண்டு உண்டு: பிரச்சினை என்ன, எதனால், எதை வைத்துச் சொல்கிறோம்.

நடுவில் உள்ள 'எதனால்' என்ற துண்டில்தான் எல்லோரும் விழுகிறார்கள். 'அறுவை சிகிச்சையால்' என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் நடந்த அறுவையை நர்ஸால் இல்லாமல் ஆக்க முடியாது. நம் கையால் மாற்றக்கூடிய காரணம் எதுவோ அதை அங்கே வைக்க வேண்டும், ஏனென்றால் அடுத்து எழுதப்போகும் செயல்கள் எல்லாம் அந்தக் காரணத்தைத்தான் குறிவைக்கும். இந்த நோயாளிக்கு நான் இப்படி எழுதுவேன்:

'திறனற்ற சுவாச முறை. அசையும்போதும் இருமும்போதும் கூடும் வலி, தையல் பிரிந்துவிடும் என்ற பயம் ஆகியவற்றால். மூச்சு 22 ஆழமின்றி, ஆக்ஸிஜன் செறிவு 98இலிருந்து 94, நுரையீரல் அடிப்பகுதியில் காற்றொலி குறைவு, இரும மறுக்கிறார் என்பவற்றிலிருந்து தெரிகிறது.'

என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் மேற்கொண்டு எழுதினால் மனப்பாடம்தான் ஆகும். மேல்வயிற்றில் வெட்டு விழுந்தால் உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள அந்தத் தசைத் தட்டு, சில நாட்களுக்கு முழுதாக இறங்கி ஏறாது. அதோடு வலியும் சேர, நோயாளி சின்னச் சின்ன மூச்சாக விடுவார், பெருமூச்சே விட மாட்டார். நுரையீரலின் அடியிலுள்ள குட்டிக் காற்றறைகள் விரியாமல் ஒட்டிக்கொள்ளும். இதற்கு அட்டிலெக்டாசிஸ் என்று பெயர். இருமாததால் சளி தேங்கும், புகை பிடித்தவருக்கு அது இன்னும் கூடுதல். ஒட்டிய அறைகளும் தேங்கிய சளியும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் நிமோனியா வரலாம். 98 இப்போது 94 ஆகியிருப்பது இந்தப் பாதையின் தொடக்கம்.

இரண்டாவது டயக்னோசிஸ் கடும் வலி. அதையும் எழுதுவோம், ஆனால் இந்த இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுதான் முன்னுரிமை என்று பாடத்தில் படித்துவிட்டு, முதலில் மூச்சுப் பயிற்சி, அப்புறம் வலி மருந்து என்று வரிசைப்படுத்தும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னுரிமை மூச்சுக்குத்தான், அதில் சந்தேகமில்லை, ஆனால் இவருடைய மூச்சைச் சரிசெய்யும் வழி வலியின் ஊடாகத்தான் போகிறது. வலி 7இல் இருக்கும்போது ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னால் அவர் இழுப்பதுபோல் பாவனை செய்வார், நாமும் 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதிவிடுவோம்.

மூன்றாவது, தொற்று. 37.8ஐப் பார்த்ததும் 'காயத்தில் தொற்று, காய்ச்சலிலிருந்து தெரிகிறது' என்று எழுத கை போகும். முதல் 48 மணி நேரத்தில் வரும் இலேசான சூடு பெரும்பாலும் அறுவையால் திசுக்களில் ஏற்படும் அழற்சியின் விளைவு. காயத்தில் சீழ் பிடிப்பது பொதுவாக நாலைந்து நாட்களுக்குப் பிறகுதான் தலைகாட்டும், அரிதான சில கிருமிகள் மட்டும் முந்திக்கொள்ளும். கட்டு உலர்ந்திருக்கிறது, சுற்றிலும் சிவப்பு இல்லை. அதனால் இது 'தொற்று ஏற்படும் அபாயம்'. அபாயம் என்று எழுதும்போது மூன்றாவது துண்டு கிடையாது. இன்னும் நடக்காத ஒன்றுக்கு அறிகுறி எங்கிருந்து வரும்? வெட்டுக் காயம், டிரெயின், நரம்பில் குத்திய ஊசி என்று அபாயக் காரணிகளை மட்டும் எழுதினால் போதும். மூன்று டயக்னோசிஸ் போதும், பன்னிரண்டு எழுதி மதிப்பெண் வாங்கலாம், ஆனால் ஒரு ஷிஃப்டில் பன்னிரண்டை யாராலும் நடத்திக்காட்ட முடியாது.

அடுத்தது இலக்கு. 'நோயாளி நன்றாக மூச்சு விடுவார்' என்பது ஆசை, இலக்கு இல்லை. 12 மணிக்கு வேறொருவர் வந்து, என்னைக் கேட்காமலே, நடந்ததா இல்லையா என்று சொல்ல முடிந்தால் அதுதான் இலக்கு. அதோடு எழுவாய் நோயாளியாக இருக்க வேண்டும். 'நர்ஸ் பயிற்சி அளிப்பார்' என்று எழுதினால் அது செயல்.

இவருக்கு எழுதியது: நண்பகல் 12 மணிக்குள், இருமும்போது வலி 4 அல்லது அதற்குக் கீழே என்று சொல்வார். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு தானாகவே ஆழமாக மூச்சிழுத்து இருமிக் காட்டுவார். மூச்சு எண்ணிக்கை 20க்குள் வரும், ஆக்ஸிஜன் செறிவு 96ஐத் தொடும். துணையோடு பத்து மீட்டர் நடப்பார்.

வலிக்கு ஏன் பூஜ்யம் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். அறுவை முடிந்து ஒரு நாள்கூட ஆகாதவருக்கு இருமும்போது வலியே இருக்கக் கூடாது என்றால், மூச்சையே அடக்கும் அளவுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது அவர் இரும முடிகிற அளவு வலி. அந்த எண்ணை அவரையே கேட்டு வைத்தோம்: "எவ்வளவு இருந்தா இரும முடியும்னு நினைக்கிறீங்க?" "நாலு இருந்தா பாக்கலாம்."

இனி செயல்கள். ஒவ்வொன்றிலும் யார், என்ன, எப்போது, எத்தனை தடவை என்பது இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஏன் என்பதும்.

8:15க்குப் பொறுப்பு நர்ஸிடம் இரண்டு வலி எண்களையும், 14 மணி நேர இடைவெளியையும், 94 என்ற எண்ணையும் சொல்வது. அவர் மருத்துவருக்கும் தெரிவித்து, மாணவி பக்கத்தில் இருக்க, டிரமடாலை மெதுவாக நரம்பில் செலுத்துகிறார். கொடுக்கும் முன் மூச்சு எண்ணிக்கையும், அவர் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்பதும் பார்த்துக் குறிக்கப்படுகின்றன, ஏனென்றால் இந்த வகை மருந்து தூக்கத்தையும் மந்தமான மூச்சையும் கொண்டுவரக்கூடும். அரை மணி கழித்து மறுபடி வலியைக் கேட்பது, இந்தமுறை இருமச் சொல்லி. மருந்து கொடுத்ததை எழுதிவிட்டு அதன் விளைவை எழுதாமல் விட்டால் அந்தச் செயல் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

அந்த அரை மணி நேரத்தைச் சும்மா விட வேண்டாம், பயத்தைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தையல் வெளியே தெரிகிற தோலில் மட்டும் இல்லை, உள்ளே தசைக்கு மேல் உறுதியான ஒரு அடுக்கையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், தலையணையை இரண்டு கையாலும் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினால் அந்த இழுவிசையும் குறையும் என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, முதலில் மாணவி தன் வயிற்றில் வைத்தே செய்து காட்ட வேண்டும். 'நோயாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்ற வரி எந்தக் கேர் பிளானிலும் எனக்குப் பிடிக்காது. அவர் திரும்பச் செய்து காட்டினாரா என்பதை எழுதுங்கள்.

8:45க்குக் கட்டிலின் தலைப்பகுதியை 45 டிகிரி உயர்த்தி, மூக்கு வழியாக மெதுவாக ஆழமாக இழுத்து, மூன்று வினாடி நிறுத்தி, வாய் வழியாக விடுவது. பத்து முறை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும், கடைசியில் தலையணையோடு இரண்டு இருமல். அந்த மூன்று வினாடி நிறுத்தம் முக்கியம், ஒட்டிய காற்றறைகள் விரியக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பந்து ஏறி இறங்கும் ஸ்பைரோமீட்டர் இருந்தால் கொடுக்கலாம், எவ்வளவு இழுக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிவதால் சிலருக்கு ஆர்வம் வரும், ஆனால் அதைக் கையில் கொடுத்துவிட்டதால் மட்டும் நுரையீரல் விரிந்துவிடாது. படுக்கையை விட்டு எழுப்புவதற்கு அது மாற்றும் இல்லை. அதனால் 10 மணிக்கு நாற்காலி, 11:30க்கு நடை.

தொற்று அபாயத்துக்கு எழுதியது சுருக்கம்: கை கழுவிவிட்டுத்தான் கட்டையும் டிரெயினையும் தொடுவது, நாலு மணிக்கொருமுறை வெப்பமும் காயத்தைச் சுற்றிய நிறமும் பார்ப்பது, டிரெயினில் வருவதன் நிறம் மாறினால் சொல்வது.

இதோடு, எப்போது நம் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். செறிவு 92க்குக் கீழே போனால், மூச்சு 25ஐத் தொட்டால், மருந்துக்குப் பின் எழுப்பினாலும் மந்தமாக இருந்தால், டிரெயினில் திடீரென ரத்தமோ பித்தமோ வந்தால். எண்கள் ஒவ்வொரு வார்டின் எச்சரிக்கை அட்டவணையைப் பொறுத்தும் மாறும், அங்குள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, மதிப்பீடு. 12 மணி. இருமும்போது வலி 4. மூச்சு 18. செறிவு 96. தலையணையைப் பிடித்துக்கொண்டு யாரும் சொல்லாமலே இருமுகிறார், கொஞ்சம் சளியும் வந்திருக்கிறது. வலது அடிப்பகுதியில் சத்தம் இன்னும் குறைவுதான், ஆனால் காலையைவிடப் பரவாயில்லை. நடை மட்டும் நடக்கவில்லை. 10 மணிக்கு நாற்காலிக்கு மாறியபோது ஒன்றும் சொல்லாதவர், 11:30க்கு எழுந்து நின்றதும் "கண்ணை இருட்டிக்கிட்டு வருதும்மா" என்றார், உட்கார வைத்துவிட்டார்கள்.

மாணவி முதலில் எழுதியது: 'இலக்கு ஓரளவு நிறைவேறியது. தொடரவும்.' எதைத் தொடர? மறுபடி எழுப்பி நிறுத்தி விழவைப்பதையா? நிறைவேறாத இலக்கு வந்தால் முதல் படிக்குத் திரும்ப வேண்டும். படுத்தபடி பிபி 126/78, பல்ஸ் 88. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பிறகு ஆள் பிடித்துக்கொள்ள நிற்கவைத்து எடுத்தால் 102/68, பல்ஸ் 112. மேல் எண் 24 குறைந்திருக்கிறது. எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே அது கணக்கில் எடுக்க வேண்டிய வீழ்ச்சி.

டிரமடாலுக்கே தலைசுற்றல் உண்டு, அதனால் பழியை அதன்மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் காலைக் குறிப்பை மறுபடி படியுங்கள். 12 மணி நேரத்தில் சிறுநீர் 420 மி.லி., அதாவது மணிக்கு 35. மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி. என்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு, 68 கிலோவுக்கு அது 34. மயிரிழையில் தேறியதால் 'இயல்பு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டோம். அதே 6 மணிக்குத் திரவத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள், அவர் குடித்ததோ 150 மி.லி., குழாய் எடுத்தபின் ஆறு மணி நேரமாக அவர் சிறுநீரே கழிக்கவில்லை. எல்லாம் தாளில் இருந்தது. திட்டத்துக்குள் மட்டும் வரவில்லை.

அப்புறம் நடந்தது இது. ரத்தக்கசிவு இருக்கிறதா என்று கட்டும் டிரெயினும் வயிறும் பார்க்கப்பட்டன. கட்டு உலர்ந்தே இருக்கிறது, டிரெயினில் காலையிலிருந்து கூடுதலாக 10 மி.லி. மட்டும். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் சிறுநீர்ப்பை நிரம்பியதாகத் தெரியவில்லை, ஆக அடைத்து நிற்கவில்லை, உற்பத்தியே குறைவு. பொறுப்பு நர்ஸ் மருத்துவருக்குத் தகவல் சொன்னார். மருத்துவர் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி, 500 மி.லி. திரவம் ஏற்றச் சொன்னார். திட்டத்தில் நாலாவதாக ஒரு வரி சேர்ந்தது:

'திரவப் பற்றாக்குறை, போதுமான அளவு உட்கொள்ளாமை, அறுவையில் ஏற்பட்ட இழப்பு ஆகியவற்றால், சிறுநீர் மணிக்கு 35 மி.லி., நிற்கும்போது பிபி 24 குறைவு, பல்ஸ் 112, கண் இருட்டல் என்பவற்றிலிருந்து தெரிகிறது. இலக்கு: மாலை 4 மணிக்குள் குறைந்தது 200 மி.லி. சிறுநீர் கழிப்பார்; எழுந்து நிற்கும்போது பிபி வீழ்ச்சி 20க்குக் கீழே இருக்கும்.'

பழைய வரிகளிலும் திருத்தம் உண்டு. நடைக்கு முன் கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்காரவைப்பது, எழும் முன் பிபி எடுப்பது, இரண்டு பேர் துணை. மூச்சுப் பயிற்சி அப்படியே தொடரும். டிரமடால், ஆறு மணி இடைவெளி முடியும் 2:15க்கு, அவர் கேட்கும்வரை காத்திராமல் இருமச் சொல்லி வலியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யப்படும்.

மாலை 4 மணிக்கு: சிறுநீர் 260 மி.லி. ஹீமோகுளோபின் அறுவைக்கு முன் இருந்த அளவிலிருந்து பெரிதாக இறங்கவில்லை. நிற்கும்போது பிபி 118/74. வராந்தாவில் பத்து மீட்டர் போய்த் திரும்பினார், தலையணையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு.